சுற்றுமா, சுற்றாதா?

கிளிஞ்சல்மேட்டு ஐயனாருக்கு வேலை இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது. பைபர் படகின் அடியில் ஓட்டை, முன்பக்க அணியத்தில் வெடிப்பு, விளிம்பில் உடைசல் என்று யாராவது ஒருவர் வந்து நிற்பார். தேய்த்து, பைபர் துணியை விரித்து, ரெசின் என்கிற பசையைப் பூசி, மறுநாள் கடலில் இறக்கிக் கொடுத்துவிடுவார். அவர் ஒட்டியது விட்டுக்கொண்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

சிக்கல் என்னவென்றால், வேலை முடிந்து டப்பாவின் அடியில் மிஞ்சும் ரெசின் வீணாகப் போவதை அவரால் தாங்க முடியாது. இறுக்கும் மருந்து கலந்த ரெசின் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். அதற்குள் வீட்டில் எது ஆடுகிறதோ அதன் தலையில் போய் விழும். குக்கர் பிடி, கதவுத் தாழ்ப்பாள், மனைவி அஞ்சுகம் மீன் நிறுக்கும் தராசின் கால், எல்லாவற்றிலும் அவர் கைவண்ணம் பளபளக்கும். போன வருஷம் மகள் வினோதினியின் கிட்டாரில் வார் மாட்டுகிற குமிழ் ஆடுகிறதென்று அதிலும் ஒரு சொட்டு வைத்தார். குமிழோடு வாரும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அந்தப் பெண் போட்ட கூச்சல் திருவேட்டக்குடி வரை கேட்டிருக்கும்.

"இனிமே என் சாமான்ல ஒன்னு தொட்டியோ, உங்கிட்ட பேசவே மாட்டேன்ப்பா" என்று முடித்துவிட்டாள். ஐயனாரும் சரியென்று தலையாட்டினார். ஆட்டிய தலை ஆடியதோடு சரி.

வினோதினி வாசிப்பது பேஸ் கிட்டார், பாட்டுக்கு அடி ஓசை தருகிற, நாலு தந்தி போட்டது. கடலோரத்துப் பெண் மேடையேறி அதை வாசிக்கிறாள் என்பதில் ஐயனாருக்குத் தலைகால் புரியாத பெருமை. சுந்தரமூர்த்தி மாஸ்டரின் இன்னிசைக் குழுவில் இரண்டு வருஷமாக அவள் ஆள் வராத நாளுக்கு மாற்று ஆள். நாகப்பட்டினத்துச் செல்லையன் வராவிட்டால்தான் கூப்பிடுவார்கள். போன வாரம் மாஸ்டர் அழைத்து, செல்லையன் வேறு குழுக்களுக்கும் போகிறார், கோட்டுச்சேரி கல்யாண வரவேற்பில் நீ வாசி, சரியாக அமைந்தால் அந்த நாற்காலி உனக்கே என்று சொல்லியிருந்தார். செல்லையனையும் எதற்கும் இருக்கட்டுமென்று வரச் சொல்லியிருந்தார். நாலு மணிக்கு ஒலி ஒத்திகை. அதில் யார் சரியாக வாசிக்கிறாரோ அவர்தான் இரவு நிகழ்ச்சிக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத்தான் வினோதினியின் இடது காது செத்துப்போனது.

அவளுடைய சொந்தக் காது அல்ல. மேடையில் காதுக்குள் செருகிக்கொள்ளும் இன்-இயர். அந்தக் குழுவில் இப்போது மேடையில் ஸ்பீக்கர் வைப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து கம்பி, காதில் இன்-இயர். தாளம் தப்பாமல் இருக்க 'டக் டக்' என்று ஒரு கிளிக் ஓடும். அது அவர்களுக்கு மட்டும்தான் கேட்கும், சபைக்குக் கேட்காது. காதில் கேட்காதவர் மேடையில் குருடர்.

வினோதினியின் இன்-இயரை துபாயிலிருக்கும் அவள் தாய்மாமன் மூன்று மாதத்துக்கு முன்னால் ஊருக்கு வந்த ஆள் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். யாரோ உபயோகித்துவிட்டு விற்றது. பெட்டியும் இல்லை, பெயரும் அழிந்துபோயிருந்தது. ஆனால் உலோகக் கூடு, அடி ஓசை அவ்வளவு துல்லியம்.

"கம்பிய காது பக்கத்துல வளைச்சா வருது, விட்டா போயிடுது" என்றாள் வினோதினி. முகம் வெளுத்திருந்தது. "கம்பிதான் உள்ள அறுந்துருக்கு. காதுல கோளாறு இல்ல."

"போன்ல பாட்டு கேக்குற ஒயர்லெஸ் ஒன்னு வச்சிருக்கியே, அத மாட்டிக்கயேன்டி" என்றாள் அஞ்சுகம்.

"அது சத்தத்தக் கொஞ்சம் லேட்டா குடுக்கும்மா. நான் தட்டுறது ஒரு நேரம், கேக்குறது ஒரு நேரம். போன தடவ சாதா இயர்போன் போட்டுப் பாத்தேன், ட்ரம்ஸ் பக்கத்துல நின்னா கிளிக்கே கேக்கல. அரை மாத்திரை முன்னாடி போயிட்டேன். மாஸ்டர் திரும்பி ஒரு பார்வை பாத்தாரு பாரு, இன்னும் மறக்கல."

கம்பி கழற்றி மாட்டுகிற வகை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். கூட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் இணைப்புக்கோடு தெரிந்தது. கம்பியை மட்டும் மாற்றிவிட்டால் போதும். காரைக்கால் பாரதியார் சாலைப் பக்கம் செல்போன் சாமான் கடை வைத்திருக்கும் மெஹர் பானுவிடம் அப்படிப்பட்ட கம்பி இருக்கும். வீட்டுக்கு வீடு வளைகுடாவில் ஆள் இருக்கிற ஊர், இந்த மாதிரி காதுகள் நிறைய வந்து இறங்கும். வினோதினி போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"ரெண்டு வகை இருக்கும்மா" என்றாள் மெஹர் பானு. "ஒன்னு ரெண்டு பின், இன்னொன்னு எம்.எம்.சி.எக்ஸ். அது இதுல ஏறாது, இது அதுல ஏறாது. கழட்டிப் பாத்தா ஒரு நொடியில தெரிஞ்சுடும்."

"கழட்ட வரலக்கா. ரொம்ப டைட்டா இருக்கு."

"போட்டோ அனுப்பு."

அனுப்பினாள். மெஹர் பானு படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கழுத்து உருண்டையாத்தான் இருக்கு. ஆனா உருண்டையா உறை போட்ட ரெண்டு பின்னும் வருது, அத வச்சு சொல்ல முடியாது. ஒன்னு பாரு. கம்பி முனையப் புடிச்சு லேசா, லேசான்னா லேசா, திருப்பிப் பாரு. வட்டமா சுத்துதா?"

"இல்லக்கா. ஒரு இம்மியும் அசையல."

"அப்ப ரெண்டு பின்னுதான். எம்.எம்.சி.எக்ஸ். பம்பரமாட்டம் சுத்தும், அதோட சுபாவம் அது. ரெண்டு பின்னு சுத்தாது. இனிமே திருப்பாத, பின்னு உள்ளயே ஒடிஞ்சுடும். நேரா இழுக்கணும். கையால வரலன்னா துணிய சுத்தி, கொறடு வச்சுப் புடிச்சு, நேரா இழு. எங்கிட்ட ஒன்னுதான் இருக்கு, எடுத்து வச்சுடறேன்."

மூலையில் உப்புத்தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்த ஐயனார், மடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டார். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வலிக்கவும் செய்தது, கத்தவும் முடியவில்லை.

அது சுற்றும். அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன் பார்சல் வந்தபோது வினோதினி திண்டுக்கல்லில் நிகழ்ச்சிக்குப் போயிருந்தாள். அஞ்சுகம் பிரிக்கச் சொன்னாள், ஐயனார் பிரித்தார். இரண்டு காதின் கம்பி முனையும் மாட்டுக் கழுத்து மணி போலச் சுற்றிச் சுற்றி ஆடின. பாவம், பழசைத் தலையில் கட்டி மச்சானை ஏமாற்றிவிட்டார்கள், பிள்ளை மேடையில் நிற்கும்போது கழன்று விழுந்தால் என்ன ஆவது என்று அவர் மனசு கிடந்து துடித்தது. அன்றைக்குப் பார்த்து டப்பாவில் ரெசின் மிச்சம். பல் குத்தும் குச்சியால் இரண்டு காதின் கழுத்தையும் சுற்றி ஒரு வளையம் விட்டார். கண்ணாடி போலக் காய்ந்தது. மகள் வந்து பார்த்து, கம்பெனிக்காரனே அப்படிச் செய்தது என்று நினைத்துக்கொண்டாள். இவர் வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறக்கலாம் என்று நினைத்தார். அதற்குள் வாசலில் மாஸ்டரின் வேன் வந்து ஹாரன் அடித்தது.

"அப்பா, நீ வண்டிய எடுத்துட்டுப் போயி மெஹரக்கா கடையில அந்த ரெண்டு பின் கம்பிய வாங்கிட்டு நேரா கோட்டுச்சேரி மண்டபத்துக்கு வந்துடு. நாலு மணிக்குள்ள. காத நான் எடுத்துட்டுப் போறேன், ஒரு பக்கம் கேக்குதுல்ல, சாமானெல்லாம் செட் பண்ணணும். அங்க ஒயர்மேன்கிட்ட கொறடு இருக்கும், கழட்டி வச்சுடறேன்."

"வினோ..."

"மறந்துடாதப்பா. ரெண்டு பின்னு."

போய்விட்டாள். அஞ்சுகம் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னய்யா, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒன்னுமில்ல" என்றார் ஐயனார். முப்பது வருஷமாக அவர் ஒன்றுமில்லை என்று சொன்னதை ஒரு தடவைகூட நம்பாதவள், அன்றும் நம்பவில்லை. அவர் மொபட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு நழுவிவிட்டார்.

வழியெல்லாம் கணக்குப் போட்டார். மெஹர் பானு சொன்னதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றினால் அந்த வாயில் நுழையாத பெயர், சுற்றாவிட்டால் ரெண்டு பின். இது சுற்றியது. சுற்றுவதைச் சுற்றாமல் செய்தவர் அவர். ஆகையால் அவர் வாங்கப்போவது தப்பான கம்பி. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பா வேண்டும்? தப்பான கம்பியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கடைக்காரம்மா தப்பாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது என்று கையை விரிக்கலாம். அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே அவருக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானதே போதும், அந்தக் குரங்கையும் அடுத்தவர் வாசலில் கட்ட வேண்டுமா?

கடையில் கூட்டமில்லை. மெஹர் பானு நாற்பது வயதுக்காரி. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று ஒரு போனுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். ஐயனாரைப் பார்த்ததும் ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

"வாங்கண்ணே. வினோதினி அப்பாதானே? இந்தாங்க ரெண்டு பின்னு."

ஐயனார் பொட்டலத்தைத் தொடவில்லை.

"ஏம்மா, அந்த இன்னொன்னு இருக்கா? அந்த... எம்மு எம்மு..."

"எம்.எம்.சி.எக்ஸ்.ஸா? இருக்கு. ஏன்?"

"ரெண்டையும் கொஞ்சம் காட்டேன்."

அவள் இரண்டையும் பிரித்துக் கண்ணாடிமேல் வைத்தாள். முதல் கம்பியின் முனையில் தலைமுடி போல இரண்டு ஊசிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டாவதன் முனை உருண்டையாக, பித்தளை நிறத்தில் ஒரு குட்டி வளையம். அதன் நடுவில் ஒரே ஒரு ஊசி.

ஐயனார் குனிந்து பார்த்தார். பார்சல் பிரித்த அன்று வலது முனை ஒரு தடவை கையோடு கழன்று வந்தது. பயந்துபோய் அழுத்தினார், 'டிக்' என்று உட்கார்ந்துகொண்டது. அந்த ஒரு நொடியில் பார்த்தது மறக்குமா? ஓட்டையும் வெடிப்பும் பார்த்தே பிழைக்கிற கண். இரண்டு ஊசி இல்லை. வளையம், நடுவில் ஒன்று.

"இதான்ம்மா" என்றார் இரண்டாவதைத் தொட்டு.

"எப்படிண்ணே? சுத்தலன்னு பொண்ணு சொல்லுச்சே."

"சுத்துச்சு. பம்பரமாட்டம் சுத்துச்சு. நான்தான்..." ஐயனார் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான்தான் ரெசின் வச்சு ஒட்டிட்டேன்."

மெஹர் பானுவுக்கு முதலில் புரியவில்லை. "எத?"

"ஆடுதேன்னு."

"படகுக்குப் போடுற ரெசினா?"

"ம்."

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பை அடக்கப்போய் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அல்லா! அண்ணே, அது சுத்தணும்னுதான் செஞ்சு வச்சிருக்கான். ஆளு தலைய திருப்புனா கம்பியும் கூடவே திரும்பிக்கும், முறுக்கு ஏறாது. அத நீங்க அசையாம கட்டிப்போட்டா, திருகுற திருகெல்லாம் முனைக்குப் பக்கத்துல கம்பிமேல விழும். அதான் அங்கயே அறுந்துருக்கு."

கம்பி அறுந்ததற்கும் காரணம் தான்தான் என்பது ஐயனாருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முகத்தைப் பார்த்து மெஹர் பானு சிரிப்பை நிறுத்தினாள். நிறுத்தியவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அண்ணே, கொறடு வச்சு நேரா இழுன்னு நான் சொல்லியிருக்கேனே! ஒட்டுனத அப்படி இழுத்தா முனை மட்டும் வராது. காதுல இருக்குற குழியே பேத்துக்கிட்டு வந்துடும். அப்பறம் எந்தக் கம்பி வாங்கியும் பிரயோசனமில்ல. உடனே போன் போடுங்க."

மணி மூன்று. ஐயனார் மகளுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் யாரோ மைக்கில் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கிட்டியாப்பா?"

"வினோ, இழுக்காத!"

"என்னாது?"

"காத இழுக்காதடி. கொறட கீழ வையி."

"இப்பத்தான் ஒயர்மேன் அண்ணன் துணி சுத்துறாரு. ஏன்ப்பா?"

மகள் தன்னிடம் பேசாமல் போய்விடுவாள் என்ற பயம் ஒரு பக்கம். காது உடைந்துபோகும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஐயனார் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்.

"அது ரெண்டு பின்னு இல்ல. அது சுத்துற வகைதான். பார்சல் வந்தன்னிக்கே நான் ரெசின் வச்சு ஒட்டிட்டேன். ரெண்டு பக்கமும். தப்புதான். இழுத்தா காதே போயிடும். நான் வந்து எடுக்குறேன். என்னால மட்டுந்தான் எடுக்க முடியும்."

மைக்கில் எண்ணுகிறவர் நாலு, ஐந்து என்று போய்க்கொண்டிருந்தார். போன் கட்டாகிவிட்டது.

மெஹர் பானு கம்பியைப் பொட்டலத்தில் போட்டு அவர் சட்டைப் பையில் தானே செருகினாள். "எப்படி எடுப்பீங்க? அசிட்டோன் கிசிட்டோன் ஊத்திடாதீங்க, உள்ள போனா எல்லாம் வீணாயிடும்."

"ஊத்த மாட்டேன்ம்மா. தேய்க்காம பூசுன ரெசின் சரியாப் புடிக்காது. எந்தப் படகுலயும் மொதல்ல உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்கிட்டுத்தான் பூசுவோம். இதுல கீறல் விழுந்துடுமேன்னு தேய்க்கல. மொழுக்குன்னு இருக்குற உலோகத்துமேல சும்மா ஒக்காந்துருக்கு. பிளேடு நுனி குடுத்தா தெறிச்சு வந்துடும்."

"பாத்து. இது ஏத்தும்போது நேரா வச்சு அழுத்துங்க, டிக்குன்னு கேக்கணும். சிவப்பு போட்டது வலது. ரெண்டு பின்னா இருந்தா ஒரு பக்கம் தலைகீழா மாத்தி சொருகிட்டா அடி ஓசையே வெலவெலத்துப் போயிடும். இதுல அந்தத் தொல்லை இல்ல, எப்படி வச்சாலும் ஒன்னுதான்."

ஐயனார் மொபட்டை அவ்வளவு வேகமாக ஓட்டியதை காரைக்கால் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கப்போவதில்லை. கோட்டுச்சேரி மண்டபத்தில் நுழையும்போது மூன்று இருபது. மேடையில் செல்லையன் தன் கிட்டாரோடு உட்கார்ந்து தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தார். சுந்தரமூர்த்தி மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஐயனாரைப் பார்த்தார். வினோதினி மேடைக்குப் பின்னால் சமையல்கட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குட்டை, அதன்மேல் காது இரண்டும். அப்பனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஐயனார் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து புது பிளேடு ஒன்றை எடுத்துப் பாதியாக உடைத்தார்.

"லைட்டு அடி" என்றார்.

அவள் போனின் விளக்கைப் போட்டுப் பிடித்தாள். வாயைத் திறக்கவில்லை.

இடது காதின் கழுத்தை விரலிடுக்கில் பிடித்து, ரெசின் வளையத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் பிளேடின் மூலையைக் கொடுத்தார். நெம்பவில்லை, மூச்சுவிடவுமில்லை. மூலையை ஒரு மயிரிழை தள்ளினார். 'பட்' என்று அரிசி நொய் அளவு ஒரு சில்லு தெறித்தது. அதன் பின்னால் இன்னொன்று. நாலைந்து சில்லு போனதும் வளையம் முழுசாகக் கழன்று கைக்குட்டையில் விழுந்தது. கம்பி முனையைப் பிடித்து மெல்லத் திருப்பினார். மூன்று மாதமாக அசையாதது சுற்றியது.

"சுத்துது" என்றாள் வினோதினி. அவள் பேசியதைக் கேட்டதும் ஐயனாருக்குப் பாதி உயிர் வந்தது.

நகத்தைக் கூட்டுக்கும் முனைக்கும் நடுவில் கொடுத்து நேராக நெம்பினார். டிக் என்று வந்தது. குழி வட்டமாக, பழுதில்லாமல் இருந்தது. ரெசின் உள்ளே இறங்கவில்லை.

வலது காது அப்படி இலகுவில் வரவில்லை. அன்று வலதுக்கு வரும்போது டப்பாவில் கொஞ்சம் அதிகமாகவே மிஞ்சியிருந்தது, இவரும் தாராளமாக வைத்திருந்தார். சில்லு பொடிப்பொடியாக வந்தது, வளையம் விடவில்லை. மூன்றே முக்கால் ஆகிவிட்டது. மேடையில் ட்ரம்ஸ் ஆரம்பித்தது. செல்லையன் கூடவே நாலு சுரம் வாசித்துப் பார்ப்பதும் கேட்டது.

"எத்தன தடவப்பா சொல்லியிருக்கேன்?" என்றாள் வினோதினி. குரலில் கோபத்தைவிட அழுகைதான் இருந்தது. "ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமா அவரு வராத நாளுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்மா."

"அப்ப ஏன் செஞ்ச?"

"மேடையில நிக்கும்போது கழண்டு வுழுந்துடுமோன்னு பயம்" என்றார் ஐயனார். "வேலைய முடிச்சுக் குடுத்துடறேன். அப்பறம் திட்டு."

பிளேடின் மறுபாதியை எடுத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுத்தார். ஒரு பக்கமாகவே தள்ளாமல், வளையத்தில் எதிரும் புதிருமாக இரண்டு இடத்தில் வெட்டு விட்டார். இரண்டாவது வெட்டில் வளையம் இரண்டாகப் பிளந்து அந்தண்டை ஒன்று இந்தண்டை ஒன்றாக விழுந்தது. அவர் விரலில் ரத்தம் துளிர்த்திருந்தது. அதை அவர் பார்க்கவில்லை, வினோதினி பார்த்தாள்.

வலதின் பழைய முனையையும் கழற்றிவிட்டு, புதுக் கம்பியின் சிவப்பு முனையை வலதுக்கு நேராக வைத்து அழுத்தினார். டிக். இடதுக்கும் டிக். வினோதினி இடுப்புப் பெட்டியில் செருகிக் காதில் மாட்டினாள். முகம் சுருங்கியது.

"வலது கரகரங்குது."

"பொடி ஒட்டியிருக்கும். கழட்டு."

சமையல்கட்டில் பாத்திரம் கழுவிய பெண்ணிடம் புதுப் பல்துலக்கி ஒன்று கிடைத்தது. வலது குழியைக் கீழ்நோக்கிப் பிடித்து, நாலு தடவை மெல்ல வருடித் தட்டினார். மறுபடி டிக். அவள் மாட்டிக்கொண்டாள். கம்பி முனையைப் பிடித்து முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தாள். ஒரு இடத்திலும் விட்டுப்போகவில்லை. கண்ணை மூடித் திறந்தாள்.

"கேக்குது" என்றாள்.

"வினோதினி! மணி நாலு!" என்று மேடையிலிருந்து மாஸ்டர் கூப்பிட்டார்.

செல்லையன் எழுந்து வழிவிட்டார். முதல் பாட்டு வேகமான பாட்டு, நடுவில் தாளம் மாறும் இடம் ஒன்று உண்டு. முன்பு அவள் அரை மாத்திரை முந்திப்போன அதே மாதிரி இடம். ஐயனார் மேடைக்குக் கீழே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாளம் மாறியது. மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை, கீபோர்டிலேயே குனிந்திருந்தார். இரண்டாவது பாட்டும் முடிந்தது. மூன்றாவதன் நடுவில் மாஸ்டர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"செல்லையண்ணே" என்றார். "கல்யாண வீட்டுல காப்பி பலகாரம் இருக்கு. சாப்புட்டுட்டு நிதானமா கிளம்புங்க. அடுத்த வாரம் திருநள்ளாறுக்கும் பாப்பாவே வரட்டும். அதுக்கப்பறமும் பாப்பாவே வரட்டும்."

செல்லையன் சிரித்து, கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்தார். வினோதினி சிரிக்கவில்லை. தந்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றவள் கீழே தூண் பக்கம் பார்த்தாள்.

"அப்பா, மேல வா."

ஐயனார் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினார். திட்டுவதற்குத்தான் கூப்பிடுகிறாள், எல்லார் முன்னாலும் என்றாலும் வாங்கிக்கொள்வோம் என்று பக்கத்தில் போய் நின்றார். அவள் வலது காதிலிருந்ததைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து, அவர் காதில் வைத்து அழுத்தினாள். கம்பி முனை சுற்றிக்கொண்டு அவர் பக்கம் திரும்பியது. ஒரே கம்பியில் இரண்டு பேர், தலையோடு தலை ஒட்டி நின்றார்கள்.

"இந்தக் காதுல என் வாசிப்போட சத்தத்த மட்டும் தூக்கி வச்சிருக்கேன். கேளு" என்று சொல்லி, மாஸ்டருக்குக் கண் காட்டினாள்.

ஐயனார் அவளுடைய எல்லா நிகழ்ச்சிக்கும் போயிருக்கிறார். பாடகரைக் கேட்டிருக்கிறார், கீபோர்டைக் கேட்டிருக்கிறார், ட்ரம்ஸ் அவர் நெஞ்சில் இடித்திருக்கிறது. மகள் விரல் ஓடுவதைப் பார்த்துக் கை தட்டியிருக்கிறார். அவள் என்ன வாசித்தாள் என்று மட்டும் கூட்டத்துக்குள் நின்று ஒருநாளும் அவருக்குப் பிரித்துக் கேட்கத் தெரிந்ததில்லை. அதைச் சொன்னால் பிள்ளை மனசு நோகுமே என்று யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அது ஒன்றுதான் முன்னால் வந்தது. நிதானமாக, கனமாக, பாட்டு முழுவதையும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தது. மற்ற எல்லாம் அதன் மேல்தான் நின்றன. அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"இது நீயா வினோ?"

"நான்தான்ப்பா."

ஐயனார் காதிலிருந்ததை விரலால் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ வாசி" என்றார்.